அன்னாசி போட்டால் நின்றுவிடும் ஸ்லோ ஜூசர்: ஸ்க்ரூவை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எட்டு மாதம் முன்பு கடலூரில் ஒரு கடையில் ஸ்லோ ஜூசர் வாங்கினேன். கேரட், மாதுளை எல்லாம் ஒழுங்காகப் பிழிந்தது. அன்னாசியும் இஞ்சியும் போட்டால் மட்டும் நடுவில் நின்றுவிடும். ரிவர்ஸ் போட்டு, மறுபடி ஓட்டுவேன். இப்போது எதைப் போட்டாலும் சக்கை ஈரமாக வருகிறது, ஜூஸ் குறைந்துவிட்டது. சர்வீஸ் ஆள் வந்து பார்த்து, “ஸ்க்ரூ தேய்ந்துவிட்டது, சல்லடையோடு மாற்ற வேண்டும், வாரண்டியில் வராது” என்கிறார். ஒருமுறை பண்ருட்டி பலாச்சுளை போட்டதைச் சொன்னதும், “அதனால்தான் தேய்ந்தது” என்கிறார். பணம் கொடுத்து மாற்றிவிடலாமா?
— ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். சக்கை ஈரமாக வருவதற்கு ஸ்க்ரூ தேய்மானமும் ஒரு காரணம்தான். ஆனால் செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய இரண்டு காரணங்கள் அதற்கு முன்னால் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் ஸ்பேர் மாற்றினால், புது ஸ்க்ரூவோடும் அன்னாசி அதே இடத்தில் நிற்கும்.

முதலில் பலாச்சுளை விஷயம். கொட்டை எடுத்த சுளை ஸ்க்ரூவைத் தேய்க்காது. அது அவ்வளவு மென்மையான பொருள். கொட்டையோடு போட்டிருந்தால் வேறு கதை. சுளையால் வரும் தொல்லை அதன் பிசுபிசுப்பு. தண்ணீர்ச் சத்து குறைவு என்பதால் அது ஜூஸாக வடியாமல் கூழாகிச் சல்லடைக் கண்களில் அப்பிக்கொள்ளும். பலா ஸ்லோ ஜூசருக்கு உரிய பழமே இல்லை, வாழைப்பழம் போலத்தான். மிக்ஸியில் பாலோடு அடித்துக் குடிப்பதே சரி. சல்லடையில் பால் பிசின் ஒட்டியிருந்தால் துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

இனி அன்னாசி ஏன் நிற்கிறது என்று பார்ப்போம். மிக்ஸி பிளேடு நாரை அறுத்துவிடும். ஸ்லோ ஜூசரில் பிளேடு கிடையாது. நிமிடத்துக்கு 40 முதல் 60 சுற்று மட்டும் சுற்றும் ஒரு திருகு, அதாவது அந்த ஸ்க்ரூ, பழத்தைச் சல்லடைச் சுவரோடு அழுத்திப் பிழிகிறது. திருகின் மேல் விளிம்பு பழத்தைப் பெரிய துண்டாக உடைக்கும், அவ்வளவுதான். நாரை எந்த நீளத்தில் நீங்கள் போடுகிறீர்களோ, ஏறக்குறைய அதே நீளத்தில்தான் அது கீழே போய்ச் சேரும். அங்கே திருகின் அடிப்பகுதியில் சுற்றிக்கொள்ளும், அல்லது சக்கை வெளியேறும் துளையில் திரண்டு அடைத்துக்கொள்ளும். மேல் வாயில் சிக்கியதாக நமக்குத் தோன்றினாலும், அடைப்பு பெரும்பாலும் இந்த அடிப்பகுதியில்தான் இருக்கும்.

அன்னாசியில் நார் நடுத்தண்டிலிருந்து தோலை நோக்கி ஓடுகிறது. நாம் வழக்கமாக வட்டமாக அரிந்து, அதைப் பாதி நிலாவாக்கிப் போடுகிறோம். அப்படி வெட்டினால் நார் அறுபடுவதே இல்லை, முழு நீளத்துக்கும் அப்படியே இருக்கும். அதற்குப் பதில், பழத்தைத் தோல் சீவி நிற்க வைத்து நான்காகப் பிளந்து, நடுத்தண்டை அரிந்தெடுங்கள். ஒவ்வொரு கால் பாகத்தையும் தண்டு இருந்த பக்கத்துக்கும் தோல் பக்கத்துக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெட்டு வெட்டுங்கள். நாரை அறுப்பது இந்த வெட்டுதான். அப்புறம் 2 செ.மீ.க்கு மிகாத துண்டுகளாக நறுக்கிக்கொள்ளலாம். நடுத்தண்டை வீணாக்க மனமில்லை என்றால், அதில் நார் நீளவாக்கில் ஓடுவதால் குறுக்கே மெல்லிய வில்லைகளாக அரியுங்கள். இஞ்சியும் அப்படித்தான். விரலைப் போல நீளமாகப் போட்டால் சிக்கும். குறுக்கே நாணயம் போல மெல்லிசாக அரிந்தால் சிக்காது.

போடும் வரிசையும் முக்கியம். இரண்டு தம்ளருக்கு அரை கிலோ அன்னாசித் துண்டு, ஒரு பெரிய கேரட், ஒரு அங்குல இஞ்சி என்று வைத்துக்கொள்வோம். கேரட்டை விரல் கனத்துக்கு நறுக்கி வையுங்கள். மெஷினை ஓடவிட்டு, ஒரு பிடி அன்னாசி போட்டுவிட்டுக் காத்திருங்கள். சக்கைக் குழாயில் சக்கை வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதன்பின் இரண்டு கேரட் துண்டு, நடுவில் இஞ்சி வில்லை, மறுபடி ஒரு பிடி அன்னாசி. கேரட்டின் கெட்டியான சக்கை, அன்னாசி நாரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வெளியேற்றும். கடைசியில் போடுவதும் கேரட்டாகவே இருக்கட்டும். தள்ளுகட்டையால் அழுத்த வேண்டாம். அது வாயில் ஒட்டி நிற்கும் துண்டை இறக்கிவிடத்தான். பிழியும் வேலை திருகுடையது. இன்னொரு ஈடு பிழிவதானால், நடுவில் ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றிச் சில நொடி ஓடவிட்டு வடித்துவிடுங்கள்.

அடைக்கப் போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். ஜூஸ் வந்துகொண்டிருக்கும், ஆனால் சக்கை வருவது நின்றிருக்கும். மோட்டார் சத்தம் கனத்துப் போகும். மூடி லேசாக அசையும். அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். திருகு முழுசாக நின்றபின் ரிவர்ஸை நாலைந்து நொடி பிடித்து, விட்டு, ஓட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று முறைக்குள் சரியாகவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். ரிவர்ஸ் சிக்கை மேலே தளர்த்துகிறதே தவிர வெளியே எடுப்பதில்லை. மறுபடி முன்னால் ஓட்டும்போது அதே நார் இன்னும் இறுகிப் போய் உட்காரும். இந்த இழுபறியில்தான் சல்லடை பிதுங்குகிறது, திருகின் விளிம்பும் உராய்கிறது. காலி மெஷினை ஓட்டுவதும் கெடுதல். ஜூஸ் இல்லாமல் பிளாஸ்டிக்கும் சல்லடையும் நேராக உரசும்; கிறீச் என்று கேட்பது அந்தச் சத்தம்தான்.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். கிண்ணத்தைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சக்கை வெளியேறும் துளைக்குப் பக்கத்தில் ஒரு சிலிக்கான் ரப்பர் அடைப்பான் இருக்கும். கழுவும்போது அதை இழுத்துத் திறந்துவிட்டு, திரும்ப அழுத்தி மூட மறப்பவர்கள் நிறைய பேர். அது திறந்திருந்தால் சக்கை அழுத்தம் வாங்காமலே வெளியேறி ஈரமாக விழும். எதைப் போட்டாலும் ஈரம் என்கிறீர்கள், அதனால் எனக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

அடுத்தது சல்லடை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கண்கள் பாதி மறைந்திருக்கும். குழாயடியில் உள்பக்கமாகத் தண்ணீர் விட்டால் சரசரவென்று எல்லாப் பக்கமும் இறங்க வேண்டும், தேங்கினால் அடைப்பு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடா கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, கூடவே கொடுத்த பிரஷால் வெளியிலிருந்து உள்ளே தள்ளித் தேயுங்கள். உள்ளிருந்து தேய்த்தால் நார் கண்ணுக்குள் இன்னும் புதையும். போர் தண்ணீரில் கழுவும் வீடுகளில் வெள்ளையாக உப்பும் படியும். அது சோடாவுக்குப் போகாது. சோடாவை அலசிவிட்டு, எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த தண்ணீரில் தனியாக ஊறவைக்க வேண்டும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். ஊசியால் குத்துவதும் ஸ்டீல் நாரால் தேய்ப்பதும் கூடவே கூடாது.

இவ்வளவும் செய்தபின்தான் ஸ்க்ரூவைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மெல்லிய கோடுகள் இருந்தால் பயப்பட வேண்டாம், அது எல்லா மெஷினிலும் விழும். அடிப்பகுதியில் உள்ள முட்டுகளின் விளிம்பு மழுங்கி உருண்டிருக்கிறதா, வெள்ளைத் தூள் போல உரிகிறதா, அடியில் விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஜூஸில் பிளாஸ்டிக் துணுக்கு தென்பட்டால் அன்றே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் சோதனை தேவையில்லை.

அப்படி எதுவும் இல்லை என்றால், தோல் சீவிய அரை கிலோ கேரட்டைப் பிழிந்து ஜூஸை அளந்துகொள்ளுங்கள். பிறகு மெஷினையும் அரை கிலோ கேரட்டையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கே போங்கள். புது ஸ்க்ரூவையும் சல்லடையையும் மாட்டி அதே கேரட்டைப் பிழிந்து காட்டச் சொல்லுங்கள். ஜூஸ் நன்றாகக் கூடினால் தேய்மானம் உண்மை. பெரிய வித்தியாசம் இல்லை என்றால் மாற்றத் தேவையே இல்லை. பில் போடுவதற்கு முன் இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தேய்மானம் உண்மை என்றே ஆனாலும், யார் பணம் தருவது என்பதை வாரண்டி அட்டையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பெரும்பாலும் மோட்டாருக்கு ஒரு காலம், மற்ற பாகங்களுக்கு அதைவிடக் குறைந்த காலம் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். ஸ்க்ரூவும் சல்லடையும் விலக்கு என்று பெயர் சொல்லி எழுதியிருந்தால், சாதாரணத் தேய்மானத்துக்கு நீங்கள்தான் தர வேண்டியிருக்கும். ஆனால் எட்டு மாதத்தில் விரிசல் விட்டிருந்தால் அதைத் தேய்மானம் என்று ஒதுக்க விடாதீர்கள், குறைபாடு என்று வாதிடலாம். கூட வந்த ரெசிபிப் புத்தகத்தையும் புரட்டுங்கள். அதில் அன்னாசி ஜூஸ் படம் இருந்தால், “அன்னாசி போட்டது தவறான உபயோகம்” என்று அவர்கள் சொல்வது எடுபடாது. எதுவானாலும் வாய்வார்த்தையாக விடாமல், ஏன் வாரண்டியில் வராது என்ற காரணத்தை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள்.

எழுதித் தர மறுத்தாலோ, எழுதிய காரணம் அட்டையோடு ஒத்துப்போகாவிட்டாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே மனு செய்யலாம். தள்ளுபடி என்று புதுச்சேரிக்குப் போய் வாங்கி வரும் கடலூர்க்காரர்களுக்கும் இது பொருந்தும், பில் கையில் இருந்தால் போதும்.

ஒருவேளை மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், மெஷின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைச் சொல்லி அதற்கான ஒரிஜினல் பாகத்தையே கேளுங்கள். “இதுவும் பொருந்தும்” என்று தருவதில் திருகுக்கும் சல்லடைக்கும் இடையே உள்ள இடைவெளி கொஞ்சம் மாறினாலும், ஒன்று சக்கை ஈரமாக வரும், இல்லை இரண்டும் உரசும். ஸ்க்ரூ மட்டும் தேய்ந்து சல்லடையின் உள்முட்டுகள் கூர்மையாகவே இருந்தால் ஸ்க்ரூ மட்டும் போதும். இரண்டையும் சேர்த்துத்தான் தருவோம் என்றால் விலையைத் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள்.