தள்ளுபடிக்கு முன்னால்

சார், ஆத்தங்குடி டைல்ஸ் வாங்கி விற்கும் சின்னக் கடை எங்களுடையது. இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வாரம் தவறாமல் தள்ளுபடி போஸ்டர் போடுகிறோம். வருகிறவர்கள் "கடைசி விலை என்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வாங்குகிறவர் கடக்கும் அறிமுகம், பரிசீலனை, முடிவு என்ற மூன்று கட்டங்களுக்கும் தனித்தனியாகப் பதிவு போடச் சொல்கிறார்கள். எங்கள் தொழிலுக்கு அதை எப்படிச் செய்வது?
– ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

வீடு கட்டுகிறவர் தரையைப் பற்றி யோசிக்கத் தொடங்கிக் கல் இறக்குவதற்குள் பல மாதம் ஓடிவிடும். உங்கள் போஸ்டர் கடைசி வாரத்தில் நிற்பவருக்கு மட்டுமே உதவும். மற்றவர்களுக்கு நீங்கள் காட்டியது விலை ஒன்றைத்தான், அதனால் விலையையே கேட்கிறார்கள்.

முதலில் வாட்ஸ்அப்பில் பழைய விசாரிப்புகளைப் புரட்டி, விலை தவிர என்ன கேட்டிருக்கிறார்கள் என்று எழுதுங்கள். கட்டங்கள் தானாகப் பிரியும்.

"இது எப்படிச் செய்வது?" என்பவர் அறிமுகக் கட்டத்தில் இருக்கிறார். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றுவதை அரை நிமிட வீடியோவாகப் போடுங்கள். சூளையில் சுடுவதில்லை, பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது என்பது வெளியூர்க்காரர் பலருக்குப் புதுச் செய்தி. இதில் விலை வேண்டாம்.

உங்களிடம் முழுக்க விடுபட்டிருப்பது நடுக்கட்டமான பரிசீலனை. கறை பிடிக்குமா, விட்ரிஃபைடு டைல்ஸை விட்டு இதை ஏன் வாங்க வேண்டும் என்று பயந்து பயந்து கேட்பவர்கள் இங்கேதான். குறையையும் சொல்லிவிடுங்கள். இது சிமென்ட் கல், ஆசிட் பட்டால் மேற்பரப்பு அரித்துவிடும். கையால் செய்வதால் ஒரு தடவை வந்த நிறம் அடுத்த தடவை அச்சு அசலாக வராது, அதனால் ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்க வேண்டும். இதைப் படித்துச் சிலர் விலகுவார்கள். விலகட்டும், அவர்கள் பிறகு சண்டைக்கு வருகிறவர்கள். கூடவே, பல வருடம் புழங்கிய ஒரு வீட்டுத் தரையை, அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, ஃபில்டர், எடிட்டிங் எதுவும் இல்லாமல் படமெடுத்துப் போடுங்கள்.

முடிவுக்கு வந்தவருக்குக் கணக்குதான் வேண்டும். 12க்கு 10 அடி அறை, 10 அங்குலக் கல் என்றால் 173 கல், உடைசலுக்கும் சேர்த்து 185 சொல்லலாம். லாரியில் உடைந்தால் யார் பொறுப்பு, செய்து தர எத்தனை நாள், பதிக்க யாரைக் கூப்பிடுவது என்பதையும் ஒரே பதிவில் வைத்து மேலே பின் செய்துவிடுங்கள்.

பலனை எல்லாவற்றுக்கும் விற்பனையால் அளக்காதீர்கள். வீடியோவுக்கு ஷேரும் சேவும் போதும். வீடியோ ஓடியும் கேள்வியே வரவில்லை என்றால் நடுக்கட்டப் பதிவுகள் குறைவு என்று அர்த்தம். "எங்க ஹால் இவ்வளவு, எத்தனை கல் ஆகும்?" என்று கேட்க ஆரம்பித்தால் சரியாகப் போகிறது.

தள்ளுபடியை அடியோடு விட வேண்டாம். ஆனால் வாரா வாரம் போட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று காத்திருக்கப் பழகிவிடுவார்கள். ஒரு பூஜையறைக்குப் போதுமான அளவு மீந்த கல் இருந்தால், எத்தனை கல், என்ன டிசைன் என்று எழுதி அதற்கு மட்டும் விலையைக் குறையுங்கள்.