10 வகுப்பு பேக்குக்குக் காலாவதி எதற்கு?

"ஈரோட்டில் யோகா சொல்லித் தருகிறேன். ஒருநாள் கட்டணமா, 10 வகுப்பு பேக்கா? காலாவதி வைக்கணுமா?"

வந்த அன்றைக்கு மட்டும் வாங்குவது ஒருநாள் கட்டணம், பேக் என்பது மெஸ்ஸில் மொத்தமாக டோக்கன் வாங்குகிற மாதிரி. இரண்டும் வையுங்கள். ஒருநாளுக்கு 250, பேக் 2000 என்றால் 8 வகுப்பு வந்தால்தான் பேக் வாங்கியவருக்குக் கணக்கு சமன் ஆகும், அதனால் அதற்காவது காலம் விட வேண்டும். வாரம் 2 வகுப்பு என்றால் 5 வாரத்தில் முடியும், ஆனால் ஊர் நோம்பி, கல்யாணம் என்று விட்டுப்போகும், அதனால் முதல் வகுப்பிலிருந்து 8 வாரம் கொடுங்கள். நீங்கள் லீவு விட்டால் அந்த நாட்களையும் கூட்டிவிடுங்கள். தேதியே இல்லையென்றால் ஆறு மாதம் கழித்துப் பழைய பேக்காரர்கள் ஒரே நாளில் வருவார்கள், பாய் விரிக்க இடமிருக்காது, ஹால் வாடகைக்குப் புதுக் காசும் வராது.

அப்புறம், பேக் விற்றதுமே 2000 சம்பாதித்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள்; ஒவ்வொரு வகுப்பு எடுக்கும்போதுதான் அதில் 200 உங்களுடையதாகிறது, மீதி அதுவரை கடன்.