காண்ட்டின் ஒரு வரி போதுமா?

"உயர்தரத்தில் அளவையியல் படிக்கிறேன். அடுத்த வாரம் பாடசாலை விவாதத்தில் அன்செல்மின் கடவுள் நிரூபணத்தை எதிர்த்துப் பேச வேண்டும். 'இருப்பு ஒரு பண்பல்ல' என்று காண்ட் சொன்னதை மட்டும் வைத்து வெல்ல முடியுமா?" – மாணவி, வெள்ளவத்தை

அதை மட்டும் நம்பி மேடை ஏறாதீர்கள். அந்த வரி, அன்செல்மைப் போலவே கடவுள் என்ற கருத்திலிருந்தே கடவுள் இருப்பதை நிறுவ முயன்ற பிற்கால மெய்யியலாளர் டேக்கார்ட்டை நேராக வீழ்த்தும். அன்செல்மை எட்ட இன்னும் ஒரு படி வேண்டும்.

முக்கோணம் என்ற கருத்திலேயே அதன் கோணங்களின் கூட்டுத்தொகை அடங்கியிருப்பதுபோல, எல்லா நிறைவும் உடைய கடவுள் என்ற கருத்தில் இருப்பும் அடங்கியிருக்கிறது என்று 1641இல் டேக்கார்ட் எழுதினார். வல்லமை, அறிவு என்ற பட்டியலில் இருப்பும் ஒன்றாகிவிட்டது. 1781இல் காண்ட் மறுத்தது இதைத்தான். உண்மையான நூறு தாலர் நாணயங்களின் கருத்தில், வெறுமனே எண்ணிப்பார்க்கும் நூறைவிட ஒரு காசும் கூடுதலாக இல்லை என்றார்.

நீங்கள் வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸ் தேடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு அறை, தனி வாசல், கடற்காற்று என்று தரகரிடம் பட்டியல் கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு நிபந்தனையும் சில வீடுகளைக் கழிக்கும். கடைசியில் 'உண்மையில் இருக்க வேண்டும்' என்று எழுதினால் ஒரு வீடுகூடக் கழியாது. 'அப்படி ஒன்றும் இல்லை' என்று தரகர் சொன்னால், அவர் எந்த வீட்டையும் குறை சொல்லவில்லை. உங்கள் பட்டியலுக்குப் பொருந்துபவை பூச்சியம் என்கிறார். 1884இல் அளவையியலாளர் ஃப்ரேகே இதைத்தான் கூர்மையாக்கினார்: இருப்பு பொருளைப் பற்றிய செய்தியன்று, கருத்தைப் பற்றிய செய்தி.

ஆனால் அன்செல்ம் பட்டியல் போடவில்லை, ஒப்பிடுகிறார். எதனினும் பெரிதொன்றை நினைக்க முடியாதோ அது மனத்தில் மட்டும் இருந்தால், மெய்யாகவும் இருக்கும் ஒன்று அதைவிடப் பெரிதாகிவிடுமே என்பது அவர் வாதம். எதிரணி கெட்டிக்காரர்கள் என்றால், நாணயம் கையில் இருந்தால் தன் செல்வம் கூடும் என்று காண்ட்டே ஒப்புக்கொண்டதை எடுத்துக்காட்டுவார்கள். அப்போது தடுமாற வேண்டாம். ஒப்பிட இரண்டு பொருள்கள் எங்கே என்று கேளுங்கள். மனத்தில் இருப்பது கடவுள் அல்ல, கடவுளைப் பற்றிய கருத்து. அந்த ஒரே கருத்துக்கு மெய்யுலகில் பொருந்துவது உண்டு அல்லது இல்லை. சிறிய கடவுள் ஒன்று மனத்துக்குள் உட்கார்ந்திருக்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1960இல் மெய்யியலாளர் நோர்மன் மால்கம், வெறும் இருப்பு பண்பல்ல என்பதை ஏற்றுக்கொண்டு, 'இல்லாமற்போக முடியாத இருப்பு' பண்புதான் என்றார். அன்செல்மின் நூலில் மூன்றாம் அத்தியாயம் அதைத்தான் சொல்கிறது என்பது அவர் வாசிப்பு. எனக்கு இது வலுவான பதிலாகவே படுகிறது; இங்கே காண்ட்டின் வரியைத் திரும்பச் சொன்னால் தோற்பீர்கள். அது பண்பே என்று விட்டுக்கொடுங்கள். அப்போதும் கிடைப்பது, 'அத்தகைய ஒன்று இருக்கக்கூடுமானால் இருந்தே தீரும்' என்பதுதான். இருக்கக்கூடும் என்பதை அவர்கள் தனியே நிறுவ வேண்டும். காண்ட்டுக்கு முன்பே மெய்யியலாளர் லைப்னிட்ஸ் அந்த இடைவெளியைக் கண்டு, நிறைவுகள் ஒன்றோடொன்று முரண்படா என்று காட்ட முயன்றார். முழு நீதியும் முழு இரக்கமும் ஒருவரிடம் சேர்ந்து நிற்குமா என்று அங்கே கேளுங்கள்.