கார்டு பையில் இருக்க, பணம் மட்டும் எப்படிப் போகிறது? ஏடிஎம் பின் நம்பர் பற்றிக் கேள்வி பதில்

ஏடிஎம் மெஷின் பழுது பார்க்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். கார்டு திருட்டு பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிடோக்கிலிருந்து: கார்டு என் பர்ஸை விட்டு எங்கும் போகவில்லை. அப்படியிருந்தும் இன்னொரு நாட்டில் என் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியுமா?

முடியும். இங்கே சிங்கப்பூரிலேயே நடந்திருக்கிறது. 2012 ஜனவரி தொடக்கத்தில் டிபிஎஸ், பிஓஎஸ்பி வாடிக்கையாளர்கள் நூற்றுக்கணக்கானோரின் கணக்கிலிருந்து மலேசியாவில் பணம் எடுக்கப்பட்டது. அவர்கள் சிங்கப்பூரில்தான் இருந்தார்கள், கார்டும் அவர்களிடமேதான் இருந்தது. தேடிப் பார்த்ததில், அவர்களுடைய கார்டு விவரங்கள் பூகிஸ் பகுதி மெஷின்களில் திருடப்பட்டது தெரியவந்தது. வங்கி இழப்பை ஈடு செய்தது.

கார்டின் பின்பக்கம் ஓடும் கறுப்புக் காந்தப் பட்டையில் கார்டு நம்பர், காலாவதித் தேதி போன்றவை பதிவாகியிருக்கும். மெஷினின் கார்டு வாய்க்கு மேலே, அதே நிறத்தில், அதே வடிவத்தில் ஒரு போலி மூடியை ஒட்டிவிடுவார்கள். கார்டு உள்ளே போகும்போது அந்த மூடியில் இருக்கும் சின்னக் கருவி பட்டையைப் படித்துச் சேமித்துக்கொள்ளும். மெஷின் வழக்கம்போல வேலை செய்யும், பணமும் வரும். நமக்கு ஒரு சந்தேகமும் வராது. பிறகு அந்த விவரத்தை ஒரு வெற்றுக் கார்டில் ஏற்றிவிட்டால் நகல் தயார்.

ஆனால் பின் நம்பர் அந்தப் பட்டையில் கிடையாது. எவ்வளவு நல்ல கருவி வைத்தாலும் பட்டையிலிருந்து பின் வராது. அதைத் தனியாகத்தான் திருட வேண்டும்: பொத்தான்களுக்கு மேலே ஒட்டிய ஊசித்துளைக் கேமரா, பொத்தான்கள் மீதே பொருத்திய போலிப் பொத்தான் பலகை, இல்லையென்றால் பின்னால் நிற்கும் ஆளின் கண். கார்டு வாயில் என்ன ஒட்டியிருக்கிறார்கள் என்பது நம் கையில் இல்லை. பின் தெரியாமல் பார்த்துக்கொள்வது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

செங்காங்கிலிருந்து: சிப் கார்டு வந்த பிறகு இதெல்லாம் பழங்கதைதானே அண்ணே? சிப்பை நகல் எடுக்க முடியாதே.

பாதி சரி. சிப் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குறியீடு உருவாக்கும், அதைத் திருடினாலும் இன்னொரு தடவை பயன்படாது. உள்நாட்டு ஏடிஎம்களில் வெறும் பட்டை நகலை வைத்துப் பணம் எடுப்பது இப்போது நடக்காத காரியம். ஆனால் பட்டையை மட்டும் படித்துப் பணம் தரும் மெஷின்கள் உலகத்தில் இன்னும் இருக்கின்றன. நகல் அங்கேதான் போகிறது.

அதனால்தான் இங்குள்ள வங்கிகள் வெளிநாட்டில் பட்டையைக் கொண்டு பணம் எடுப்பதை ஆரம்பத்திலேயே மூடி வைத்திருக்கின்றன. வேண்டுமென்றால் நாமே செயலியில் திறந்துகொள்ள வேண்டும். சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது திறப்போம். திரும்பி வந்ததும் மூட மாட்டோம். என் வீட்டுக்காரம்மா கார்டே அடுத்த தீபாவளி வரை திறந்தே கிடந்தது. முடிவுத் தேதி கேட்டால் அதைப் போட்டுவிடுங்கள், தானாக மூடிக்கொள்ளும்.

ஈசூனிலிருந்து: கார்டு போடுவதற்கு முன் 'கேன்சல்' பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால் திருட்டுக் கருவி செயலிழந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பின் நம்பரைத் தலைகீழாக அழுத்தினால் போலீஸ் வரும் என்றும் சொல்கிறார்கள். உண்மையா?

இரண்டும் கட்டுக்கதை. கார்டு வாயில் ஒட்டிய கருவிக்கும் கேன்சல் பொத்தானுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது தனி பேட்டரியில் தனியாக ஓடுகிறது. தலைகீழ் பின் விஷயத்தில், 123321 என்று பின் வைத்திருப்பவரின் கதையை யோசித்துப் பாருங்கள். திருப்பினாலும் அதேதான். தினமும் நாலு வெள்ளி எடுக்கப் போனாலும் போலீஸ் வந்து நிற்கும்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து: மெஷினில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கார்டு வாயை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நிஜமான பாகம் அசையாது. ஒட்டியது சற்று ஆடும், அல்லது ஓரத்தில் பசை, கீறல், இடைவெளி தெரியும். பொத்தான் பலகை வழக்கத்தைவிட உயர்ந்து நிற்கிறதா, அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா என்று பாருங்கள். திரைக்கு மேலே அல்லது பக்கவாட்டில் புதிதாக ஒரு பட்டையோ, துண்டுப் பிரசுரம் வைக்கும் பெட்டியோ இருந்தால் அதில் ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அதைப் பிய்க்காதீர்கள். பணம் எடுக்காமல் விலகி, வங்கிக்குச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். சில கருவிகள் மெஷினுக்கு உள்ளேயே, கார்டு போகும் பாதையில், காகிதம் போன்ற தடிமனில் இருக்கும். வெளியே இருந்து யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பின்னை மறைப்பதுதான் கடைசித் தடுப்பு என்று சொல்வது இதனால்தான்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: நான் மெஷினோடு ஒட்டி நின்றுதான் பின் அழுத்துவேன். பின்னால் யாருக்கும் தெரியாது. அது போதாதா?

முதுகு பின்னால் நிற்பவரை மறைக்கும். கேமரா உங்களுக்கு எதிரே, தலைக்கு மேலே அல்லது பொத்தான்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும். அதற்கு உங்கள் முதுகு ஒரு பொருட்டே அல்ல.

இடது கையைக் கூரைபோலக் கவிழ்த்து, அழுத்தும் கைக்கு மேலே, பொத்தான்களை ஒட்டிப் பிடியுங்கள். பலர் கையை ஒரு சாண் உயரத்தில் அடையாளத்துக்குப் பிடிக்கிறார்கள். பக்கவாட்டுக் கேமராவுக்கு எல்லாம் தெரியும். விரல் நுனி மட்டுமல்ல, முட்டிகளும் புறங்கையும்கூட மறைய வேண்டும். இத்தாலியில் பாதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கையால் மறைத்து அழுத்திய பின்னையும், வெளியே தெரிந்த கை அசைவை வைத்துக் கணினி ஊகிக்கப் பார்த்தது. நாலு இலக்கப் பின்களில் 41 விழுக்காட்டை மூன்று முயற்சிக்குள் பிடித்துவிட்டது. கேமராவும் மாதிரிப் பலகையும் அவர்கள் கையிலேயே இருந்த ஆய்வுக்கூட நிலை அது. மறைப்பு கூடக் கூட ஊகம் தப்பியது. நமக்கு இங்கே ஆறு இலக்கம் என்பதும் சற்று ஆறுதல்.

இன்னொன்று: பின்னைச் சத்தமாக முணுமுணுத்துக்கொண்டே அழுத்துபவர்களை வரிசையில் நின்று கேட்டிருக்கிறேன்.

அங் மோ கியோவிலிருந்து: வெப்பக் கேமராவால் விரல் சூட்டைப் பார்த்துப் பின்னைக் கண்டுபிடிக்கலாமாமே?

பிளாஸ்டிக் பொத்தான் என்றால் சற்று நேரம் சூடு தங்கும். இங்குள்ள ஏடிஎம்களின் பொத்தான்கள் பெரும்பாலும் உலோகம், சூடு சட்டென்று பரவிவிடும். மனம் கேட்கவில்லையென்றால் பணம் வரும் வரை உள்ளங்கையை எல்லாப் பொத்தான் மேலும் வைத்திருங்கள்.

பாலஸ்டியரிலிருந்து: என் மாமியார் தேக்கா பக்கம் பணம் எடுக்கும்போது, பின்னால் நின்றவர் "பாட்டி, காசு கீழே விழுந்துடுச்சு" என்றார். குனிந்து பார்த்து நிமிர்ந்தார். காசு ஒன்றும் இல்லை. அன்றைக்கு எதுவும் திருடு போகவில்லை. ஆனாலும் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

உண்மையிலேயே ஏதோ விழுந்ததாக நினைத்துச் சொல்லியிருக்கலாம். நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இது பழைய உத்திதான். பின் அழுத்துவதைத் தோளுக்கு மேலாகப் பார்த்தாகிவிட்டது. இப்போது தேவை கார்டு மட்டும்தான். ஆள் குனிந்த நேரத்தில் மெஷின் வெளியே நீட்டிய கார்டை இழுத்துக்கொண்டு, அதே நிறத்தில் வேறு கார்டைக் கையில் தந்து "இந்தாங்க பாட்டி" என்பார்கள். வீட்டுக்கு வந்து பேரைப் படித்தால்தான் தெரியும். இதில் நகலே வேண்டாம், சிப்போடு அசல் கார்டே அவர்கள் கையில்.

இதன் தம்பி ஒன்று உண்டு. கார்டு வாயில் ஒரு மெல்லிய நாடாவைச் செருகி வைத்திருப்பார்கள், கார்டு மாட்டிக்கொள்ளும். "எனக்கும் அப்படித்தான் ஆச்சு, பின்னை இன்னொரு தரம் அழுத்திப் பாருங்க, வந்துடும்" என்று ஒருவர் அக்கறையாகச் சொல்வார். அவர் பார்க்க அழுத்துவீர்கள், வராது, நீங்கள் போய்விடுவீர்கள். அவர் நாடாவோடு கார்டை உருவிக்கொள்வார்.

மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: கார்டு கைக்கு வரும் வரை யார் கூப்பிட்டாலும் திரும்ப வேண்டாம், காசு விழுந்திருந்தால் பிறகு எடுத்துக்கொள்ளலாம். கார்டு மாட்டினால் மெஷினை விட்டு நகராமல் அங்கிருந்தே கைபேசியில் வங்கியைக் கூப்பிட வேண்டும்.

துவாஸ் விடுதியிலிருந்து: அண்ணே, எனக்கு நேரம் இல்லாததால் ரூம்மேட்டிடம் கார்டும் பின்னும் கொடுத்துச் சம்பளத்தை எடுத்து வரச் சொல்வேன். போன மாசம் 200 வெள்ளி குறைகிறது. மெஷினில் யாராவது திருடியிருப்பார்களா?

தம்பி, முதலில் செயலியில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த மெஷினில் எடுத்தது என்று பாருங்கள். உங்கள் நண்பர் போன அதே நேரம் என்றால் அது மெஷின் திருட்டு அல்ல, அவரிடம்தான் பேச வேண்டும். வேறு நேரம் என்றால் வங்கியிடம் சொல்லுங்கள். ஆனால் பின்னை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள் என்பது அங்கே உங்களுக்கு எதிராகப் போகும். இன்றைக்கே பின்னை மாற்றிவிடுங்கள்.

தெம்பனிஸிலிருந்து: வங்கிக் கிளையில் வேலை பார்த்தவள் நான். பின்னை அடிக்கடி மாற்றச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

உங்கள் பக்கம் நியாயம் உண்டு. விவரம் திருடியவர்கள் உடனே பணம் எடுப்பதில்லை, சேர்த்து வைத்து ஒரே மூச்சில் எடுப்பார்கள். இடையில் மாற்றிவிட்டால் பழைய பின் செத்தது. ஆனால் அடிக்கடி மாற்றும் பெரியவர்கள் அதை எழுதிக் கார்டு உறைக்குள் வைத்துவிடுகிறார்கள், இல்லை கைபேசியில் 'ஏடிஎம் மாமா' என்று சேமித்துவிடுகிறார்கள். சந்தேகம் வரும்போது மாற்றினால் போதும் என்பது என் கட்சி. நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம்.

உட்லண்ட்ஸிலிருந்து: நான் எடுக்காத பணம் போயிருக்கிறது. முதலில் போலீஸா, வங்கியா? பணம் திரும்பக் கிடைக்குமா?

முதலில் செயலியிலேயே கார்டை முடக்குங்கள், அடுத்த நிமிஷம் வங்கியின் அவசர எண். நகல் கார்டு இன்னும் உயிரோடு இருக்கும்வரை நள்ளிரவு தாண்டியதும் அடுத்த நாள் வரம்பிலிருந்தும் எடுப்பார்கள். பிறகு போலீஸ் புகார், அதன் நகலை வங்கிக்கு. எடுத்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள்: வேலையிட வருகைப் பதிவு, எம்ஆர்டி பயணப் பதிவு, கடை ரசீது.

திரும்பக் கிடைக்குமா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நகல் கார்டு என்று வங்கியின் பதிவில் தெரிந்தால் வாய்ப்பு அதிகம். அசல் சிப்போடு சரியான பின் போட்டு எடுத்ததாகத் தெரிந்தால் இழுபறிதான். ஜோகூர் அடிக்கடி போகிறீர்கள் என்றால் தினசரி எடுக்கும் வரம்பைக் குறைத்து, எவ்வளவு சின்னத் தொகை எடுத்தாலும் குறுஞ்செய்தி வருமாறு வைத்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி அனுப்ப வங்கிகள் ஆரம்பத்தில் வைத்திருக்கும் தொகை அளவு பெரிதாக இருக்கலாம், அதற்குக் கீழே பணம் போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.