பல்லில் சொத்தை இல்லை, ஆனாலும் பல் கரைகிறது: பல் மருத்துவரின் கேள்வி பதில்

இரவுப்பணிக்காரன்: வயது 34. முன்பல் நுனி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, ஐஸ் தண்ணீர் பட்டால் உயிர் போகிறது. பழைய வெள்ளி ஃபில்லிங் ஒன்று மேடு தட்டி நாக்கில் இடிக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு சொத்தையே இல்லை என்கிறார். சரியாகப் பார்க்கவில்லையோ?

சரியாகத்தான் பார்த்திருக்கிறார். நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிய துப்பு அந்த ஃபில்லிங்தான். அது வளரவில்லை. அதைச் சுற்றியிருந்த பல் இறங்கிவிட்டது. வாய்க்கு வரும் அமிலம் எனாமலைக் கரைக்கும், வெள்ளி ஃபில்லிங்கை ஒன்றும் செய்யாது. வெள்ளம் மண்ணை அரித்துப் போன பிறகு பாறை துருத்திக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. சொத்தையாக இருந்தால் கதை நேர்மாறு: ஃபில்லிங்கின் ஓரத்துக்கு அடியில் பல் மெத்தென்று ஆகி, ஒருநாள் ஃபில்லிங் ஆடிக் கழன்று விழும்.

இரண்டுமே அமிலத்தால் வருவதுதான், அதனால்தான் குழப்பம். சொத்தையில் அமிலத்தைத் தயாரிப்பது கிருமிகள். பல்லில் ஒட்டும் மாவுப் படலத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, நாம் தின்னும் சர்க்கரையை அவை அமிலமாக்கும். ஆகவே படலம் தங்கும் இடத்தில்தான் சொத்தை விழும்: கடைவாய்ப்பல்லின் குழிகள், இரண்டு பல்லுக்கு நடுவே, ஈறோரம். அமில அரிப்பில் கிருமிக்கு வேலையே இல்லை. அமிலம் வெளியிலிருந்தோ வயிற்றிலிருந்தோ நேராக வந்து பல்லைக் கழுவிவிட்டுப் போகிறது. அதனால் படலம் இல்லாத, பளிச்சென்று சுத்தமாக இருக்கிற வழவழப்பான பரப்புதான் முதலில் கரையும். இப்படி வருபவர்களில் பலர் ஒழுங்காகப் பல் தேய்ப்பவர்கள். 'நான் ரெண்டு வேளை தேய்க்கிறேனே டாக்டர்' என்று அவர்கள் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது.

என்ன குடிக்கிறீர்கள், எப்படிக் குடிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அப்புறம், கைப்பேசி விளக்கைப் போட்டு, மேல் முன்பற்களின் உள்பக்கத்தை, அதாவது நாக்கு தொடும் பக்கத்தை, யாரையாவது ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

சுகர்ஃப்ரீ: நான் நாலு வருஷமாக டயட் கோலா மட்டும்தான். சர்க்கரையே கிடையாது, ஆக பல்லுக்கு ஒன்றும் ஆகாது. இதை எல்லோருக்கும் சொல்லுங்கள் டாக்டர்.

பாதியைச் சொல்கிறேன். சர்க்கரை இல்லையென்றால் கிருமிக்குத் தீனி இல்லை, சொத்தைக்கு அந்தப் பானம் காரணமாகாது. அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்திருப்பது சுவைக்கு. சர்க்கரையை எடுத்துவிட்டாலும் அது அப்படியேதான் இருக்கும். அமிலத்தின் கடுமையைக் காட்டும் எண் பிஎச், எண் குறையக் குறைய அமிலம் கடுமை. சாதாரணக் கோலாவோ டயட்டோ, பிஎச் அளவு ஏறத்தாழ இரண்டரையிலிருந்து மூன்றுக்குள் நிற்கும். எனாமல் கரையத் தொடங்குவது ஐந்தரைக்குக் கீழே. எலுமிச்சை வாசனைப் பானங்களில் இருப்பது சிட்ரிக் அமிலம். அது பல்லின் கால்சியத்தைப் பிடித்து இழுக்கவும் செய்யும் என்பதால் நான் அதைக் கோலாவைவிட நல்லது என்று சொல்லமாட்டேன்.

வெறும் சோடா, சர்க்கரையோ எலுமிச்சையோ சேர்க்காதது, இவற்றோடு ஒப்பிட்டால் பரம சாது.

வேதியியல் வாத்தியார்: பிஎச் ஒன்றை மட்டும் வைத்துச் சொல்வது மாணவர்களை ஏமாற்றுவது போல இருக்கிறது மேடம். ஆரஞ்சு சாற்றின் பிஎச் கோலாவைவிட அதிகம், ஆனால் அதை நடுநிலையாக்க அதிகக் காரம் வேண்டும். தயிருக்கும் பிஎச் நாலு சொச்சம்தான். அப்படியானால் தயிர்சாதம் பல்லைக் கரைக்க வேண்டுமே?

பிடித்துவிட்டீர்கள் சார். ஐந்தரை என்பது ஒரு தோராயக் கோடு, அவ்வளவுதான். பல் கரையுமா என்பது அந்தத் திரவத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதையும் பொறுத்தது. தயிரில் இரண்டும் நிறைந்திருப்பதால், பல்லிலிருந்து மேலும் எடுத்துக்கொள்ள அதில் இடமில்லை. உப்பு நிறைந்த தண்ணீரில் இன்னொரு பிடி உப்பைப் போட்டால் கரையாமல் அடியில் தங்குவதை உங்கள் மாணவர்களே செய்து பார்த்திருப்பார்கள். அதனால் மோரும் தயிரும் புளித்தாலும் பல்லுக்குப் பயமில்லை. ஆரஞ்சு சாறு பற்றி நீங்கள் சொன்னதும் சரி. அதை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருந்தால் எச்சில் அதைச் சமாளிக்கத் திணறும்.

இரவுப்பணிக்காரன்: 600 மில்லி கோலா பாட்டில் ஒன்று, இரவு 10 மணிக்குத் திறந்தால் காலை 4 வரை வரும். தூக்கம் வராமலிருக்க ஒவ்வொரு வாயாக. 5:30க்கு வேனில் இறங்கி, அஞ்சு இட்லி சாப்பிட்டு ஆறு மணிக்குப் படுத்துவிடுவேன். படம் எடுத்தேன், உள்பக்கமும் ஈறுவரை வழவழவென்று மஞ்சளாக இருக்கிறது. நெஞ்செரிச்சல் உண்டு, அது காரத்தால் என்று விட்டுவிட்டேன்.

இப்போது படம் தெளிவாகிறது. உங்களிடம் இரண்டு அமிலம் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன், ஒன்று முன்வாசல் வழியாக, மற்றது கொல்லைப்புறம் வழியாக.

குடிக்கிற அமிலம் முதலில் தொடுவது மேல் முன்பற்களின் வெளிப்பக்கத்தையும் நுனியையும். பிறகு கீழ்க் கடைவாய்ப்பற்களின் மேடுகள் மேல் தேங்கி, அங்கே சின்னக் கிண்ணம் போலக் குழி பறிக்கும். வயிற்றிலிருந்து எதுக்களிக்கும் அமிலம் தொண்டை வழியாக வருவதால் மேல் பற்களின் உள்பக்கத்தைத் தாக்கும். கீழ் முன்பற்களுக்கு நாக்கு மறைப்பாக இருப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். உங்கள் கீழ் முன்பற்கள் பழையபடி இருந்து, மேல் பற்களின் உள்பக்கம் மட்டும் மஞ்சளாகியிருந்தால், அங்கே எனாமல் மெலிந்து அடியிலிருக்கும் டென்டின் தெரிகிறது என்று அர்த்தம். குளிர் பட்டால் கூசுவதும் டென்டின் வெளியே வந்ததால்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரே பாட்டிலை சாப்பாட்டோடு பத்து நிமிடத்தில் குடித்து முடித்தால் பல்லுக்கு அது ஒரு அடி. எச்சில் சில நிமிடங்களில் அமிலத்தைக் கழுவி அடக்கிவிடும். நீங்கள் ஆறு மணி நேரம், இருபது நிமிடத்துக்கு ஒரு வாய் என்றால், ஒரு இரவுக்கு பதினெட்டு அடி. அளவு அதே 600 மில்லிதான். அதோடு கேஸ் பானம் வயிற்றை உப்பவைக்கிறது, ஏப்பத்தோடு அமிலமும் மேலேறுகிறது. சாப்பிட்ட அரை மணியில் படுத்தால் அது வாய்வரை வர வழி எளிது. தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும், கழுவ ஆள் இல்லை.

எனவே பாட்டிலை விட முடியாவிட்டால் இடைவேளைச் சாப்பாட்டோடு ஒரே தடவையில் முடித்துவிடுங்கள், மற்ற நேரம் தண்ணீரோ சர்க்கரை போடாத டீயோ. இட்லியை வேலை முடிவதற்கு முன், மூன்று மணி வாக்கில், சாப்பிடப் பாருங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து ஒரு சாண் அளவு உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும், அதனால் பலனில்லை. நெஞ்செரிச்சலுக்கு வயிற்று மருத்துவரைப் பாருங்கள், கடையில் நீங்களாக மாத்திரை வாங்கித் தின்னாதீர்கள்.

அம்மாவுக்காக: அம்மாவுக்கு 58. கோலா வாசனையே ஆகாது, நெஞ்செரிச்சலும் இல்லை என்கிறார். ஆனால் பல் டாக்டர் உள்பக்கம் கரைந்திருக்கிறது, வயிற்றைக் காட்டுங்கள் என்றார். எரிச்சலே இல்லாமல் அமிலம் வருமா?

வரும். சிலருக்கு நெஞ்சு எரியாது. காலையில் வாயில் புளிப்பு, தொண்டை கரகரப்பு, படுத்தால் வறட்டு இருமல் என்று வேறு வேஷத்தில் வரும். ஒன்றுமே தெரியாமல் பல்லில் மட்டும் தெரிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால் எல்லாம் சரி என்று வரக்கூடும். அப்போதும் சந்தேகம் இருந்தால் மூக்கு வழியாக மெல்லிய குழாய் வைத்து 24 மணி நேரம் அமிலத்தை அளப்பார்கள்.

ஆனால் உள்பக்கம் கரைந்தாலே எதுக்களிப்பு என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கும் இதே தடம்தான் விழும். வயதுப் பெண் பிள்ளைகளில் எடை பயத்தில் வேண்டுமென்றே வாந்தி எடுப்பவர்களும் உண்டு. அதைத் தனியாக உட்கார வைத்து, அதட்டாமல் கேட்க வேண்டும்.

ஊஞ்சல்: எனக்கும் அரிப்புதான் டாக்டர். சொறிய வேண்டும் போல ஈறில் ஒரு நமைச்சல். சோடாவை நிறுத்தவா?

நாங்கள் வைத்த பெயர் அப்படி, உங்கள் மேல் தப்பில்லை. இங்கே அரிப்பு என்றால் கரை அரிப்பது போல. உங்களுடைய நமைச்சல் ஈறு வீக்கமாகவோ, புதிதாக மாற்றிய பேஸ்ட் ஒத்துக்கொள்ளாததாகவோ இருக்கலாம். போய்க் காட்டுங்கள்.

கரித்தூள் பாட்டி பேரன்: அமிலம் பட்டதும் அரை மணி பொறுத்துப் பல் தேய் என்கிறார் ஒரு டாக்டர், அது கட்டுக்கதை என்கிறார் இன்னொருவர். எங்கள் வீட்டில் உமிக்கரி. எதை நம்ப?

இது எங்களுக்குள்ளேயே தீராத வழக்கு. அமிலம் பட்ட எனாமல் மேலாக மெத்தென்று ஆகும், உடனே தேய்த்தால் அந்த மேற்படலம் உதிரும் என்பது பழைய வாதம். எச்சில் அதை மறுபடி இறுக்க அரை மணியெல்லாம் போதாது, பல மணி ஆகும், ஆகவே காத்திருப்பதால் பெரிய லாபமில்லை என்பது எதிர்வாதம். என் வழக்கம், காலையில் எலுமிச்சைத் தண்ணீர் குடிப்பவரை அதற்கு முன்பே தேய்க்கச் சொல்வது. வாந்தியோ எதுக்களிப்போ வந்தால் தேய்க்க ஓடாமல், ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் சமையல் சோடா கரைத்துக் கொப்பளித்துத் துப்பச் சொல்வேன். பேஸ்ட் என்றால் ஃப்ளோரைடு உள்ளது. அரிப்புக்கு ஸ்டானஸ் ஃப்ளோரைடு கொஞ்சம் கூடுதலாகக் காக்கும்.

உமிக்கரி மட்டும் வேண்டாம். பாட்டி கோலா குடிக்கவில்லை.

இரவுப்பணிக்காரன்: இதையெல்லாம் செய்தால் போனது திரும்ப வளருமா? நாலு பல்லுக்கு கேப் போட்டுவிடலாம் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள்.

வளராது. சொத்தை வெள்ளைப் புள்ளியாக இருக்கும்போதே பிடித்தால் மேல்தோல் உடையாமல் இருக்கும், ஃப்ளோரைடு கொடுத்து உள்ளே தாது நிரப்பலாம். அரிப்பில் படலம் படலமாக ஆளே போய்விடுகிறது, நிரப்ப அங்கே சட்டகம் இல்லை.

ஆனாலும் கேப்புக்கு அவசரப்படாதீர்கள். கேப் போட மிச்சமிருக்கும் பல்லையும் சுற்றிச் சீவ வேண்டும். எதுக்களிப்பு நிற்காவிட்டால் கேப்பின் ஓரத்தில் பல் மறுபடி கரையும். முதலில் பற்களை அச்செடுத்து மாடல் செய்து, தேதி போட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிட்டால் கரைவது நின்றதா என்று தெரியும். நின்றிருந்தால், சீவாமல் பல் நிறக் காம்போசிட்டை உள்பக்கமும் நுனியிலும் ஒட்டி உயரத்தைத் திருப்பித் தரலாம். அது சில வருஷத்தில் தேயும், சில்லு பெயரும், மறுபடி ஒட்ட வேண்டும். கூச்சம் பொறுக்க முடியாமல் இருந்தால் ஆறு மாதம் காத்திராமல் அந்தப் பல்லை மட்டும் மூடிவிடச் சொல்லலாம்.

உங்கள் பல்லில் கோலா எவ்வளவு தின்றது, வயிறு எவ்வளவு தின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டையும் நிறுத்திவிட்டு அடுத்த மாடலை எடுங்கள், படத்தை அனுப்புங்கள்.