கர்நாடகா பார்மசிஸ்ட் பதிவு ஓசூரில் செல்லுமா, ஆறு வருட அனுபவத்தில் எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி: ஓசூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். எங்கள் பார்மசிஸ்ட் அடுத்த மாதக் கடைசியில் வேலையை விட்டு நிற்கிறார். "தமிழ்நாடு பார்மசி கவுன்சில் பதிவு, மருந்து வழங்கியதில் இரண்டு வருட அனுபவம்" என்று விளம்பரம் கொடுத்தேன். அத்திப்பள்ளியில் இருக்கும் ஒருவர் ரெஸ்யூம் அனுப்பியிருக்கிறார்: டி.பார்ம், 2018-ல் கர்நாடகா பதிவு, "தமிழ்நாட்டுக்கு மாற்ற விண்ணப்பித்துள்ளேன்", ஆறு வருட மருந்து வழங்கும் அனுபவம். எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் விளம்பரத்தில் இருக்கும் இரண்டு தகுதிகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. சில்லறை மருந்துக்கடை பார்மசிஸ்டுக்கு இத்தனை வருட அனுபவம் வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. அது நீங்கள் வைத்த நிபந்தனை, வேண்டுமானால் தளர்த்திக்கொள்ளலாம். பதிவைத் தளர்த்த உங்களுக்கு அதிகாரம் இல்லை. அதனால் ரெஸ்யூமில் முதலில் பார்க்க வேண்டியது பதிவு வரியைத்தான்.

1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42-வது பிரிவு, மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்குவதைப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே விடுகிறது. மீறினால் சிறையோ அபராதமோ உண்டு. யார் பதிவுபெற்றவர் என்பதை 2-வது பிரிவு சொல்கிறது: ஒருவர் வசிக்கிற அல்லது தொழில் செய்கிற மாநிலத்தின் பதிவேட்டில் அவர் பெயர் தற்சமயம் இருக்க வேண்டும். "அத்திப்பள்ளியில்தானே குடியிருக்கிறேன், கர்நாடகா பதிவு போதுமே" என்று அவர் அந்த "அல்லது"வைப் பிடித்து வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை நம்பி ஒரு கடையின் லைசென்ஸைப் பணயம் வைக்க நான் சொல்லமாட்டேன். மருந்து ஆய்வாளர் உங்கள் கடைக்கு வந்து கேட்கப்போவது தமிழ்நாட்டுப் பதிவை.

"விண்ணப்பித்துள்ளேன்" என்பது பதிவு ஆகாது. பெயர் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்துதான் கணக்கு. கர்நாடகா பதிவும் இன்று உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ரினியூவல் கட்டணம் கட்டாதவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க 34-வது பிரிவு வழிசெய்கிறது. 2018 சான்றிதழின் நகலைப் பார்த்தால் இது தெரியாது. கடைசி ரினியூவல் ரசீதையும் மாற்ற விண்ணப்பத்தின் ஒப்புகையையும் கேளுங்கள்.

அப்புறம் அனுபவம். "ஆறு வருடம்" என்ற மொத்தத்தை விட்டுவிட்டு, வேலை வேலையாகப் பிரித்துப் படியுங்கள். உதாரணத்துக்கு, முதல் மூன்று வருடம் ஒரு மொத்த மருந்து விற்பனை நிறுவனம், அடுத்த மூன்று வருடம் ஒரு மருத்துவமனை பார்மசி என்று வைத்துக்கொள்வோம். மொத்த வியாபாரத்தில் சரக்கு போவது லைசென்ஸ் உள்ள கடைக்கும் மருத்துவமனைக்கும். நோயாளியின் சீட்டு அங்கே வருவதில்லை. அங்கே பொறுப்பாளராக இருக்க பார்மசிஸ்டாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பட்டம் பெற்று மருந்து விற்பனையில் ஒரு வருட அனுபவம் இருந்தாலே போதும். எனவே அந்த மூன்று வருடத்தைக் கழித்துவிடுங்கள்.

மருத்துவமனையில் எந்தப் பகுதியில் இருந்தார் என்று கேளுங்கள். வார்டு இண்டென்ட், ஸ்டாக், காலாவதி மருந்தைத் திருப்பி அனுப்புவது என்றால் அது கிடங்கு வேலைக்குத்தான் நெருக்கம். வெளிநோயாளிகள் கவுன்டரில் சீட்டைப் படித்துக் கொடுத்தவர் என்றால் அந்த மாதங்கள் முழுதாகச் சேரும். அட்டவணை எச்1 மருந்துகளின் பதிவேட்டில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவர் பெயர் முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு, மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும் என்று யோசிக்காமல் சொல்பவர் கவுன்டரில் நின்றவர். டி.பார்ம் படிப்பில் 500 மணி நேரப் பயிற்சி எல்லோருக்கும் உண்டு, அதை அனுபவத்தில் சேர்க்க வேண்டாம்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஆள் பிடித்திருந்தால், தமிழ்நாட்டுப் பதிவு கைக்கு வந்த பிறகே பார்மசிஸ்டாகப் பொறுப்பு என்று எழுத்தில் வேலை உத்தரவு கொடுங்கள். இப்போதைய பார்மசிஸ்ட் இருக்கும்வரை அவர் நேரடி மேற்பார்வையில் இவரை வைத்துக்கொள்ளலாம். அவர் நிற்கும் நாளுக்குள் பதிவு வரவில்லை என்றால், பதிவுள்ள இன்னொருவரை இடைக்காலத்துக்கு அமர்த்துங்கள். அதற்கு வழியில்லாத நாட்களில் சீட்டு மருந்து விற்காதீர்கள். "விண்ணப்பம் போட்டாச்சு" என்ற பதிலை வைத்துக்கொண்டு விற்றால், லைசென்ஸை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் விதி 66 இடம் தருகிறது.

சேர்க்கும்முன் இன்னொன்று: பழைய இடத்தின் விடுவிப்புக் கடிதத்தை வாங்குங்கள். அவர் பெயர் வேறு எந்தக் கடை லைசென்ஸிலாவது இன்னும் நிற்கிறதா என்று நேரடியாகக் கேட்டு, இல்லை என்று எழுதி வாங்குங்கள். ஒருவரே இரண்டு கடையில் ஒரே நேரத்தில் மேற்பார்வை செய்ய முடியாது. அது வெளியே வரும்போது மாட்டுவது இரண்டு கடையும்தான். பார்மசிஸ்ட் மாறிய தகவலை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு உடனே எழுத்தில் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு.