உபரி என்கிறீர்கள், பேங்க்கில் பணம் எங்கே?

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துக்குப் போன வருடம்தான் செயலாளர் ஆனேன். அடுத்த மாதம் பொதுக்குழு. ஆண்டுக் கணக்கை விளக்கிப் பேசச் சொல்கிறார்கள். ஆடிட்டர் கொடுத்ததை அப்படியே படித்தால் போதாதா?

போதாது. நான் படித்துப் பார்த்தவன், அதனால்தான் சொல்கிறேன். உங்களுடையதும் ஐம்பது வீட்டுக்குள் இருக்கும் சங்கம், நீங்களும் வேறு யாரும் முன்வராததால் செயலாளர் ஆனவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். (நான் ஆடிட்டர் இல்லை. ஆடிட்டர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் சொல்லும் நுணுக்கம் எல்லாம் சரிதான், ஆனால் அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மொட்டைமாடியில் வந்து சொல்லிப் பாருங்கள்.)

சென்னையில் எங்களுடையது 48 வீடு. மாதம் 3,500 பராமரிப்பு. வருடத்துக்கு 20,16,000 வரவு. செலவு 18,40,000. உபரி 1,76,000. முதல் வருடம் இதைப் பெருமையாக வாசித்தேன். கைதட்டல்கூட வந்தது. அப்போது பி பிளாக்கில் இருக்கும், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார் எழுந்தார். "செக்ரட்டரி சார், ஏப்ரல் முதல் தேதி பேங்க்ல 4,10,000 இருந்தது. மார்ச் 31ல 2,32,000 இருக்கு. மிச்சம் பிடிச்சேன்னு சொல்றீங்க, பேங்க்ல 1,78,000 குறைஞ்சிருக்கு. எங்க போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "ஆடிட் ஆன கணக்கு சார்" என்றேன். அதைவிட மோசமான பதில் கிடையாது. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். கணக்கு நிறைவேறாமல் கூட்டம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. அந்த இரண்டு வாரம் லிஃப்டில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திருடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பணம் எங்கே என்று எனக்கே தெரியாமல் இருந்ததே, அதுதான் உறுத்தியது. ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு பையன் அரை மணி நேரத்தில் புரியவைத்தான். வரவு செலவுக் கணக்கில் வருவது கைக்கு வந்த பணம் அல்ல, வரவேண்டிய பணம். ஒருவர் பராமரிப்பு கட்டாவிட்டாலும் அவர் வீட்டின் 42,000 அந்த 20,16,000க்குள் வந்துவிடும். அதேபோல, கொடுக்காத பில்லும் செலவில் ஏறிவிடும். பேங்க் பாஸ்புக்குக்கு இரண்டும் தெரியாது. அதற்குத் தெரிந்தது உள்ளே வந்தது, வெளியே போனது மட்டும்தான்.

இரண்டாவது கூட்டத்துக்கு ஐந்தொகையை எடுத்துப் போகவில்லை. ஒரு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும்தான். பேசியது ஏறத்தாழ இதுதான்:

"போன தடவை பி பிளாக் சார் கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னிக்குப் பதில். ஆரம்பத்துல பேங்க்ல 4,10,000. உபரி 1,76,000. ரெண்டையும் கூட்டினா 5,86,000 இருக்கணும். இல்ல. ஏன்னா, வருஷ ஆரம்பத்துல நம்ம உறுப்பினர்கள் வச்சிருந்த பாக்கி 90,000. வருஷக் கடைசியில அது 2,46,000. இந்த வருஷம் மட்டும் 1,56,000 வரவேண்டியது வரல. அதைக் கழிச்சா 4,30,000. வெளிச்சுவர் பெயின்ட்டுக்காக 2,50,000 ஃபிக்சட் டெபாசிட் போட்டிருக்கோம். அது நம்ம பணம்தான், ஆனா இந்தக் கணக்குல இருந்து வெளிய போயிடுச்சு. மீதி 1,80,000. மார்ச் மாசத்து செக்யூரிட்டி பில் 52,000, ஏப்ரல்லதான் கொடுத்தோம். செலவுல எழுதியாச்சு, பணம் மார்ச்ல நம்மகிட்டயே இருந்தது. அதைச் சேர்த்தா 2,32,000. பாஸ்புக்கைப் பாருங்க."

பாஸ்புக் நகலை ஒவ்வொரு வரிசையாகக் கொடுத்தேன். பி பிளாக் சார் கண்ணாடியைத் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு, "டேலி ஆகுது" என்றார். அவ்வளவுதான், கணக்கு நிறைவேறியது.

எங்களுக்கு ஜெனரேட்டர் கிடையாது, சொத்து என்று கணக்கில் பெரிதாக ஏதும் இல்லை. அதனால் தேய்மானத்தை நான் தொடவில்லை. உங்கள் செலவில் தேய்மானம் இருந்தால் அதைத் திரும்பக் கூட்டிக்கொள்ளுங்கள், அது யாருக்கும் கொடுத்த பணம் இல்லை. வருடத்தில் புது மோட்டார் வாங்கிச் சொத்தில் ஏற்றியிருந்தால் அதைக் கழியுங்கள். இல்லாவிட்டால் கடைசி எண் பாஸ்புக்கோடு ஒட்டாது. ஒட்டாத கணக்கோடு மேடை ஏறாதீர்கள்.

டெபாசிட் விஷயத்தில் என் தப்பும் உண்டு. கமிட்டி தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, உறுப்பினர்களுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் அது ஒளித்து வைத்த பணம் போலத் தெரிந்தது. அடுத்த கேள்வியும் அதிலிருந்தே வந்தது: "நாம லாப நோக்கமில்லாத சங்கம், டெபாசிட் வட்டிக்கு ஏன் வரி கட்டணும்?" நம்மிடமிருந்தே வாங்கி நமக்கே செலவழிக்கும் பராமரிப்புப் பணம் வேறு, வெளியே ஒரு வங்கி கொடுக்கும் வட்டி வேறு, அந்த வட்டிக்கு வரி உண்டு. பெங்களூர் கிளப் வழக்கில் 2013லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், நிச்சயம் கேட்பார்கள்.

இனி அந்தப் பாக்கி. புதிதாக ஏறிய 1,56,000ல் 1,26,000 மூன்றே வீடுகள் வருடம் முழுக்கக் கட்டாதது. மீதி 30,000 பெரும்பாலும் மார்ச் மாதத்தை ஏப்ரலில் கட்டுகிறவர்களுடையது. நான் வீட்டு எண்ணைச் சபையில் சொல்லவில்லை, எத்தனை வீடு என்று மட்டும் சொன்னேன். கோழைத்தனம் என்பார்கள், சொல்லட்டும். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு பாக்கிப் பட்டியலை ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்பியதில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. பட்டியலில் இருந்த ஒரு அம்மா பாக்கியே வைக்கவில்லை. அவர் மருமகன் தன் கணக்கிலிருந்து அனுப்பிய பணத்தை, அதே இனிஷியல் உள்ள வேறொருவர் வீட்டில் நாங்கள் வரவு வைத்திருந்தோம். மொத்தத் தொகை மாறவில்லை, அதனால் ஆடிட்டர் கண்ணிலும் படவில்லை. அந்த அம்மா பெயரைச் சபையில் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது எங்கள் பில்டர். வீட்டைக் கொடுத்துப் பதினோரு வருடம் ஆகிறது, தரைக்கடியில் குழாய் எப்படிப் போகிறது என்று ஒரு வரைபடம் இன்னும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கசிவுக்கும் நான்கு இடம் தோண்டிப் பார்த்துத்தான் ஐந்தாவது இடத்தில் குழாயைக் கண்டுபிடிக்கிறோம். அந்தச் செலவு "பிளம்பிங்" என்ற தலைப்பில் வரும்போது எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். சரி, அது வேறு கதை.

கூட்டம் முடிந்து சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பி பிளாக் சார் பக்கத்தில் வந்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். "கூட்டச் செலவு 1,140ல ஒரு பன் பட்டர் ஜாம் இருக்கே, அது யார் சாப்பிட்டது?" என்றார்.

நான்தான்.